குழு ப்ராஜெக்டில் மார்க்கைப் பிரிப்பது எப்படி?

குழு ப்ராஜெக்டில் எல்லோருக்கும் ஒரே மார்க் போட்டால் உழைத்தவர் எரிச்சலாவார். அவரவர் உழைப்புக்கு ஏற்பப் பிரித்தால் அதிகம் பேசியவருக்கு மார்க் போய்விடும். வடசென்னைக் கல்லூரி வகுப்புகளில் இரண்டாவதுதான் பெரிய சிக்கல் என்பேன். ராயபுரத்துப் பையன், சௌகார்பேட்டையிலிருந்து வரும் மார்வாடிப் பெண், வீட்டில் தெலுங்கு பேசும் கொருக்குப்பேட்டைக்காரர், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மணிப்பூர் மாணவி என நான்கு பேர் ஒரு குழுவில் இருந்தால், யார் வேலை செய்தார் என்பதும் யார் வேலை செய்ததாகத் தெரிகிறது என்பதும் வேறு வேறாகிவிடும்.

மேலே சொன்ன நால்வரும் என் ஜூனியர்கள். காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் வாங்கும் செலவு பற்றி சர்வே செய்தார்கள். ஏப்ரல் 15-இல் 61 நாள் மீன்பிடித் தடை தொடங்கிவிடும், அப்புறம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அதனால் அவசர அவசரமாக வேலை நடந்தது. பாதி செமஸ்டரில், குழு உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் மார்க் போடும் ஒத்திகை ஒன்றை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

முறை எளிது. ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் மொத்தம் 30 புள்ளிகளைப் பங்கிட வேண்டும், தனக்குத் தானே போடக் கூடாது. எல்லோரும் சமமாக உழைத்திருந்தால் ஒவ்வொருவருக்கும் 30 சேரும். கிடைத்ததை 30-ஆல் வகுத்தால் அவரவர் எண் வரும். இவர்களுக்கு வந்தது: ராயபுரத்துப் பையனுக்கு 36, சௌகார்பேட்டைப் பெண்ணுக்கு 33, கொருக்குப்பேட்டைக்காரருக்கு 30, மணிப்பூர் மாணவிக்கு 21. அதாவது 1.2, 1.1, 1, 0.7.

குழு அறிக்கைக்கு நூற்றுக்கு 70 மார்க் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பாதியை, அதாவது 35-ஐ, எல்லோருக்கும் அப்படியே கொடுத்துவிட்டு, மீதி 35-ஐ மட்டும் அவரவர் எண்ணால் பெருக்க வேண்டும். முதலாமவருக்கு 77, அடுத்தவர்களுக்கு 73.5, 70, கடைசியில் 59.5. எழுபதையும் மொத்தமாகப் பெருக்கியிருந்தால் மணிப்பூர் மாணவிக்கு 49தான் வந்திருக்கும். சக மாணவர் போடும் மார்க்கில் நட்பும் கோபமும் கலந்திருக்கும் என்பதால்தான் பாதியோடு நிறுத்துகிறோம்.

சரி, அவள் உண்மையிலேயே வேலை செய்யவில்லையா? மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல 7 போட்டிருந்தார்கள். 'அவ க்ரூப்ல பேசவே மாட்டாக்கா' என்றார்கள். வாட்ஸப் குழுவைத் திறந்து பார்த்தால் முழுக்கத் தமிழ் வாய்ஸ் மெசேஜ்! விடியற்காலை ஏலக் கூடத்தில் நின்று பேட்டி எடுத்தவர்களின் உழைப்பு போட்டோவோடு எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் கேள்வித்தாள்களையெல்லாம் கூகுள் ஷீட்டில் ஏற்றி, கிலோவும் பெட்டியும் கலந்து கிடந்த கணக்கை ஒரே அளவுக்கு மாற்றியவள் அவள்தான். Version history-யில் ராத்திரி வேளைகளில் அவள் பெயர் வரிசையாக இருந்தது.

சோம்பேறித்தனத்தையும் மொழித் தடையையும் பிரித்துப் பார்க்க நான் கேட்பது இரண்டே கேள்வி. இந்த வேலை உன்னுடையது என்று அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் சொன்னீர்களா? சொன்ன தேதியில் என்ன வந்து சேர்ந்தது? முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு ஒன்றுமில்லை என்றால் மார்க்கைத் தாராளமாகக் குறைக்கலாம். மீட்டிங்குக்கு வரவில்லை என்பதை மட்டும் வைத்துக் குறைக்கக் கூடாது. சாயங்காலம் எம்.சி. ரோடு துணிக்கடையில் வேலைக்குப் போகிறவர் ஆறு மணிக்கு எப்படி வருவார்?

அதன்பின் பேச்சு வாய்ஸ் மெசேஜில் எப்படி நடந்தாலும், முடிவான வேலையை மட்டும் எளிய ஆங்கிலத்தில் ஒரு வரியாக எழுதி, பெயரும் தேதியும் போட்டு வாட்ஸப் குழுவில் pin செய்து வைத்தார்கள். புள்ளி போடும்போது ஒவ்வொன்றுக்கும் காரணமாக, கையில் வந்து சேர்ந்த ஒரு வேலையைக் குறிப்பிட வேண்டும் என்றும் வைத்துக்கொண்டார்கள். கடைசிச் சுற்றில் அவளுடைய 21, 30 ஆனது.

இந்த முறை சறுக்கும் இடங்களும் உண்டு. 'பாவம்பா' என்று எல்லோரும் எல்லோருக்கும் 10 போட்டால் எல்லோருடைய எண்ணும் 1தான், உழைக்காதவரும் தப்பிவிடுவார். அதனால் தாள்களை ஆசிரியரிடம் தனித்தனியாக மூடிக் கொடுப்பது நல்லது. Version history-யையும் கண்ணை மூடி நம்ப முடியாது. ஒருவர் நோட்டில் எழுதிக் கொடுத்ததை இன்னொருவர் டைப் செய்தால் டைப் செய்தவர் பெயர்தான் வரும். அந்த நோட்டுப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

உங்கள் துறையில் இப்படிப் பிரிக்கும் வழக்கமே இல்லையா? அறிக்கையின் பின்னால் யார் எந்தப் பகுதியைச் செய்தார் என்று ஒரு பக்கம் சேர்த்து, பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன்பே நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். வைவாவில் யாரிடம் எதைக் கேட்பது என்று ஆசிரியருக்கு அந்தப் பக்கமே காட்டிவிடும்.