கால்மேல் கால் போட்டவனின் இடுப்பு

உடற்கூற்றியல் கூடத்தில் இடுப்பு மூட்டை நடத்த வந்த பேராசிரியர், முதலில் எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். பிறகு உட்காரச் சொன்னார். "நின்றபோது உங்கள் மூட்டு பூட்டியிருந்தது. இப்போது திறந்து கிடக்கிறது" என்றார்.

எலும்புகளைப் பிணைக்கும் நார்ப்பட்டைகளான மூன்று லிகமென்ட்கள் மூட்டைச் சூழ்ந்திருக்கின்றன. முன்னால் இருக்கும் இலியோஃபெமோரல் உடம்பிலேயே மிக வலியது. அதற்குக் கீழே பியூபோஃபெமோரல். பின்னால் இருக்கும் இஸ்கியோஃபெமோரல்தான் மூன்றிலும் மெலிந்தது. இவை தொடை எலும்பின் கழுத்தைச் சுற்றித் திருகலாக ஓடுவதால், நிமிர்ந்து நிற்கும்போது பிழிந்த துணிபோல் முறுக்கேறி எலும்பின் தலையை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் அழுத்துகின்றன. தொடையை மடக்கினால் முறுக்கு அவிழ்ந்துவிடும்.

தசைப் பெயர்களை மந்திரம்போல் ஒப்பிப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. "மூட்டை எந்தப் பக்கமாகக் கடக்கிறது?" என்றுதான் கேட்பார். முன்னால் கடக்கும் இலியோசோவாஸ் தொடையை மடக்கும். பின்னால் கடக்கும் குளூட்டியஸ் மாக்ஸிமஸும் ஹாம்ஸ்ட்ரிங்கும் நீட்டும். வெளிப்புறத்து குளூட்டியஸ் மீடியஸும் மினிமஸும் காலை அகற்றும். உட்புறத்து அடக்டர்கள் சேர்க்கும். பின்புறக் குறுந்தசைகள் தொடையை வெளிப்பக்கம் திருப்பும். மீடியஸ், மினிமஸின் முன்னிழைகள் உட்பக்கம் திருப்பும். தேர்வுக்கு இவ்வளவு போதும் என்பார். எனக்கும் போதுமானதாகவே இருந்தது!

பிறகுதான் உண்மையான பாடம். காரின் முன்னிருக்கையில் ஒருவர் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறார். வண்டி மோதுகிறது, முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கிறது, விசை தொடை எலும்பு வழியே பின்னோக்கிப் பாய்கிறது. தொடை மடங்கியிருப்பதால் லிகமென்ட்கள் தளர்ந்திருக்கின்றன. கால் உட்புறம் சேர்ந்திருப்பதால், எலும்பின் தலைக்குப் பின்னால் கிண்ணத்தின் சுவரைவிட மூட்டைச் சுற்றிய மெல்லிய உறையே அதிகம். தலை அதைக் கிழித்துக்கொண்டு வெளியேறுகிறது. கால் சற்று அகன்றிருந்தால் பின்சுவரையும் உடைத்துக்கொண்டு போகும். இடுப்பு விலகல்களில் பத்துக்கு ஒன்பது பின்னோக்கியே நிகழ்வதன் காரணம் இந்த அமர்வுநிலைதான்.

பின்னாளில் விபத்துப் பிரிவில், போர்வையை விலக்கியதுமே அடையாளம் தெரிந்துவிடும்: கால் குட்டையாகி, முழங்கால் உட்பக்கம் திரும்பி, மற்ற காலை நோக்கிச் சாய்ந்திருக்கும். முன் லிகமென்ட் பெரும்பாலும் அறுபடாமல் இழுத்துப் பிடித்திருப்பதே காரணம். தொடை எலும்பின் கழுத்து முறிந்த காலும் குட்டையாகும், ஆனால் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்.

விலகிய மூட்டைத் திரும்பப் பூட்டும் முன் பாதத்தை மேலே தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். மூட்டுக்குப் பின்னாலேயே ஓடும் சியாட்டிக் நரம்பு நசுங்கியிருந்தால் பாதம் எழும்பாது. மயக்கம் கொடுத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, தொடையை மேல்நோக்கி இழுப்போம். மடக்கினால்தான் அந்த முன் லிகமென்ட் தளர்ந்து வழிவிடும். இதை 6 மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்ப்போம். தாமதமானால் தலைக்குச் செல்லும் இரத்தம் தடைபட்டு எலும்பு செத்துப்போகும் ஆபத்து கூடும். பூட்டிய பிறகு, பாதத்தை இன்னொரு முறை தூக்கச் சொல்வேன்.