மலை ஏறும் வண்டி, இறங்கும் பேட்டரி

ஜூன் 16

சேலத்து பேக்கரி ஒன்றின் வண்டி தினமும் காலையில் ஏற்காட்டுக் கடைகளுக்கு ரொட்டியும் பன்னும் கொண்டு போகிறது. கடைக்காரர்கள் "வண்டி எங்கே வருது?" என்று டிரைவர் அண்ணனுக்குப் போன் மேல் போன் போடுகிறார்கள். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்புவாரா, போனை எடுப்பாரா? அதனால் ஆர்டர் ஆப்பிலேயே வரைபடத்தில் வண்டியைக் காட்டிவிடலாம் என்று முதலாளி சொன்னார்.

அண்ணன் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "சாயங்காலம் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் போன் உயிரோட இருக்கணும் தம்பி." வண்டியில் சார்ஜர் வேலை செய்யவில்லை.

முதலில் எவ்வளவு மோசமாகப் போகும் என்று தெரிய வேண்டும். வேண்டுமென்றே தாராளமாக ஒரு பதிப்பு எழுதினேன்: ஐந்து விநாடிக்கு ஒருமுறை முழுத் துல்லியத்தில் இடம் எடுத்து, எடுத்த கையோடு சர்வருக்கு அனுப்பும்.

ஜூன் 18

கிளம்பும் முன் போனை லேப்டாப்பில் செருகி பேட்டரிக் கணக்கைத் துடைத்துவிட்டு, வந்தபின் எடுத்துப் பார்த்தேன்.

```
adb shell dumpsys batterystats --reset
adb shell dumpsys batterystats > trip.txt
```

ஜிபிஎஸ் வழி முழுக்க ஓடியிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். கவனிக்க வேண்டியது `Mobile radio active` வரி. அதுவும் கிட்டத்தட்ட வழி முழுக்க விழித்தே இருந்திருக்கிறது. அனுப்புவதோ சில நூறு பைட்டுகள்.

காரணம், செல்போன் ரேடியோ ஒரு பொட்டலத்தை அனுப்பியவுடன் தூங்கப் போவதில்லை. அடுத்தது வருமோ என்று இன்னும் சில விநாடிகள் முழித்துக்கொண்டே இருக்கும். 4ஜி-யில் இது பத்து விநாடி அளவுக்குக்கூடப் போகும். நாம் ஐந்து விநாடிக்கு ஒருமுறை தட்டினால் அதற்குத் தூக்கமே கிடையாது. அடிவாரம் தாண்டியதும் சிக்னல் மெலிய, அதே சிறு பொட்டலத்தை அனுப்ப இன்னும் அதிகச் சக்தி தேவைப்படுகிறது. பழி முழுவதையும் ஜிபிஎஸ் மேல் போடுவது நம் வழக்கம், ஆனால் இங்கே பாதிக் குற்றவாளி ரேடியோ.

ஜூன் 20

`PRIORITY_BALANCED_POWER_ACCURACY` போட்டுப் பார்க்கச் சொன்னான் நண்பன். இது பெரும்பாலும் வைஃபை, டவர்களை வைத்து இடத்தைக் கணிக்கும். ஜிபிஎஸ்ஸைக் கூடியவரை தொடாது. அஸ்தம்பட்டி, கோரிமேடு வரைக்கும் குறையில்லை. தெருவுக்குத் தெரு வைஃபை இருக்கிறதே. மலை ஏறத் தொடங்கியதும் புள்ளி ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டது, பிறகு திடீரென்று ஒரே தாவாகத் தாவியது. காட்டுக்குள் வைஃபை யார் வைத்திருக்கிறார்கள்?

ஆக, மலைப்பாதையில் வண்டி ஓடும்போது ஜிபிஎஸ் வேண்டும். மிச்சம் பிடிப்பதை வேறு இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 23

மலையில் வண்டி மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு ஏழு மீட்டர். 15 விநாடிக்கு ஒரு புள்ளி என்றால் சுமார் 105 மீட்டர் இடைவெளி. ரொட்டிக்குக் காத்திருக்கும் கடைக்காரருக்கு இது தாராளம். அந்தப் புள்ளிகளையும் ஒவ்வொன்றாக வாங்காமல், ஒரு நிமிடம் சேர்த்துவைத்து மொத்தமாகக் கொடுக்கச் சொல்லலாம்:

```
LocationRequest.Builder(
    Priority.PRIORITY_HIGH_ACCURACY, 15_000)
  .setMaxUpdateDelayMillis(60_000)
  .build()
```

இரண்டாவது எண் முதல் எண்ணைப் போல இரண்டு மடங்காவது இருந்தால்தான் சேர்த்துவைப்பது நடக்கும். அப்போதும் அது போனின் வன்பொருளைப் பொறுத்தது. சில போன்கள் கண்டுகொள்ளாமல் ஒவ்வொன்றாகவே கொடுக்கும். அதனால் அனுப்பும் பக்கத்திலும் என் கணக்கில் நிமிடத்துக்கு ஒரு தடவைதான் என்று கட்டிப்போட்டேன்.

சிக்னல் இல்லாத இடத்தில் மறுபடி மறுபடி முயல்வதையும் நிறுத்தினேன். புள்ளிகள் போனிலேயே சேர்ந்திருக்கும். நெட்வொர்க் வந்துவிட்டது என்று ஆண்ட்ராய்டே சொன்ன பிறகு மொத்தமாகப் போகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தைத் திரையில் காட்டினால் நான்கு நிமிடத்துக்கு முந்தைய இடம் "இப்போது" என்று தெரியும். புள்ளி எடுத்த நேரத்தை வைத்து "4 நிமிடம் முன்" என்று காட்ட வேண்டும். கடைக்காரர்கள் பழைய தகவலைப் பொறுத்துக்கொள்வார்கள், பொய்த் தகவலைப் பொறுக்க மாட்டார்கள்.

ஜூன் 25

பெரிய மிச்சம் எதிர்பாராத இடத்தில் இருந்தது. வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம்! ஒவ்வொரு கடையிலும் டிரே இறக்கி, காலி டிரே எண்ணி, பாக்கி வாங்கி, டீ குடித்து... அவ்வளவு நேரமும் ஜிபிஎஸ் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது.

வண்டி நின்றதையும் கிளம்பியதையும் போனின் அசைவு உணரிகளை வைத்து ஆண்ட்ராய்டே சொல்லும்: `STILL`, `IN_VEHICLE`. உணரிகளுக்கு ஜிபிஎஸ் அளவுக்குப் பசி இல்லை. இறங்கி நடந்தாலும் அண்ணன் பாக்கெட்டில் போன் இருக்கிறது, அப்போது `ON_FOOT` வரும். அதையும் நின்றதாகவே எடுத்துக்கொண்டேன்.

கடையைச் சுற்றி வட்டம் போட்டு, அதைத் தாண்டினால் ஜிபிஎஸ்ஸை எழுப்பலாமே என்றும் யோசித்தேன். பின்னணியில் அந்த அறிவிப்பு சில நிமிடம் தாமதமாக வருவது சகஜம். வைஃபை இல்லாத மலையில் இன்னும் மோசம். வேண்டாம்.

வளைவில் எதிரே பஸ் வந்து வழி அடைத்துக்கொண்டால் வண்டி சும்மா நிற்கும், அப்போதும் `STILL` வரலாம். அதனால் மூன்று நிமிடம் பொறுத்த பிறகே மாற்றம். அதுவும் ஜிபிஎஸ்ஸை அடியோடு நிறுத்துவதில்லை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று தளர்த்துகிறேன். கிளம்பும் செய்தி தவறினாலும் வண்டி காணாமல் போகாது.

"கிளம்பியாச்சு" பொத்தானை அண்ணன் காலையில் ஒருமுறை அழுத்தினால் சர்வீஸ் மாலை வரை அறிவிப்போடு ஓடும். சர்வீஸ் சும்மா ஓடுவதில் செலவு சொற்பம். இடம் கேட்பதில்தான் செலவு.

ஜூன் 28

கடைக்காரர் போனும் போன்தானே. வரைபடத் திரை கண்ணுக்குத் தெரியும்போது மட்டும் சர்வரைக் கேட்கிறது, `onStop`-இல் நின்றுவிடுகிறது. அவர் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியை எடுத்துவிட்டேன். தன் கடை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அதற்கு ஒரு ஜிபிஎஸ் எதற்கு?

புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் 100 மீட்டர் இடைவெளியில் கோடு மலைச்சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இங்கே 20 கொண்டை ஊசி வளைவுகளும் எண்ணோடு இருக்கின்றன; அண்ணனும் "பன்னெண்டாவது வளைவுல இருக்கேன்" என்றுதான் சொல்வார். எனவே கோடு வேண்டாம், அருகிலுள்ள வளைவு எண்ணே போதும். மேல் சாலையும் கீழ்ச் சாலையும் நெருங்கும் இடத்தில் சரிவும் மரமும் சிக்னலைக் கலைக்க, புள்ளி ஒரு அடுக்கு கீழே விழுந்துவிடும். அதற்கு இரண்டு வடிகட்டிகள்: `accuracy` 40 மீட்டருக்கு மேல் போனால் புள்ளியைத் தள்ளிவிடு, ஏறும் பயணத்தில் வளைவு எண் குறைந்தால் நம்பாதே. அடிக்கடி இடம் எடுத்துத் துல்லியம் தேடுவதைவிட இது மலிவு, பேட்டரிக்குச் செலவே இல்லை.

ஜூலை 1

மறுபடி `batterystats`. ரேடியோ விழித்திருந்த நேரம் நன்றாகக் குறைந்திருக்கிறது, ஜிபிஎஸ் பெரும்பாலும் ஓட்டத்தின்போது மட்டும். மாலையில் அண்ணன் போனில் பேட்டரி மிச்சம் இருந்தது. அதில் பாட்டு கேட்டுக்கொண்டே மலை இறங்கினாராம்.

குப்பனூர் வழியாக இறங்கும் நாளில் மட்டும் வளைவு எண் திரையில் அபத்தமாக வருகிறது. அந்தப் பாதைக்கு ஊர்ப் பெயர்களை வைத்துத் தனிப் பட்டியல் போட வேண்டும்.