அக்குள் துண்டு வைத்த குர்தா கை: இரண்டாம் முயற்சி

முதல் குர்தாவில் கையைத் தாராளமாக, 18 அங்குலச் சுற்றளவில் வெட்டியிருந்தேன். அவ்வளவு துணி இருந்தும் கையைத் தூக்கினால் குர்தா முழுவதும் மேலே ஏறியது. கை அகலமாக இருந்ததால் கையும் உடலும் சேரும் மூலை அக்குளுக்கு வெகு கீழே இறங்கியிருந்தது. கை உயரும்போது அந்த மூலை பக்கவாட்டுத் துணியையும் இழுத்துக்கொண்டு போனது.

இந்த முறை கையை 15 அங்குலமாகக் குறைத்து, மூலையை அக்குளுக்கு அருகில் கொண்டுவந்தேன். அங்கே பிடிக்காமல் இருக்க 4 அங்குலச் சதுரத் துண்டு. தையலுக்குச் சுற்றிலும் அரை அங்குலம் விட்டதால் 5 அங்குலமாக வெட்டினேன். சதுரத்தின் அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் கையின் அடிவிளிம்புகளோடும், மற்ற இரண்டும் உடலின் பக்க விளிம்புகளோடும் சேரும். அதனால் ஒரு முனை கைப்பக்கமும் எதிர்முனை இடுப்புப்பக்கமும் பார்க்கும். மீதி இரு முனைகளுக்கு இடையே உள்ள மூலைவிட்டம் ஏறத்தாழ 5.6 அங்குலம். கை உடலோடு சேரும் இடத்தில் மட்டும் சுற்றளவு 20 அங்குலத்தைத் தாண்டுகிறது, 4 அங்குலம் தள்ளி மீண்டும் 15 ஆகிவிடுகிறது.

சதுரத்தை நூலோட்டத்துக்கு நேராகத்தான் வெட்ட வேண்டும். வெட்டியதைக் கையில் பிடித்துப் பார்த்தேன்: விளிம்புகளைப் பிடித்து இழுத்தால் அசையவில்லை, எதிரெதிர் முனைகளைப் பிடித்து இழுத்தால் நீண்டு கொடுத்தது. தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் வாட்டம் அதுதான். கை உயரும்போது இழுவை அந்தத் திசையிலேயே விழுகிறது. முதலில் ஒரு பழந்துணியில் சதுரத்தைக் கிராஸாக வெட்டித் தைத்துப் பார்த்தபோது இந்த நெகிழ்வு கிடைக்கவில்லை.

தையலில் எல்லாமே நான்கு புள்ளிகளில் இருக்கிறது. துண்டின் ஒவ்வொரு மூலையிலும் இரு விளிம்புகளிலிருந்தும் அரை அங்குலம் உள்ளே பென்சிலால் புள்ளி வைத்தேன். கையை உடலோடு தைக்கும்போதே இரு முனைகளிலும் அரை அங்குலத்தைத் தைக்காமல் விட்டேன். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் புள்ளியில் தொடங்கிப் புள்ளியில் நிறுத்தி, முன்னும் பின்னும் இரண்டு தையல் போட்டு நூலை வெட்டினேன். மூலையில் துணியைத் திருப்பி ஒரே ஓட்டமாகத் தைப்பதைவிட இது எனக்குச் சுத்தமாக வருகிறது.

இடது கையில், இடுப்புப்பக்க முனையில் ஒரு தையல் புள்ளியைத் தாண்டிவிட்டது. அந்த ஒரு தையலுக்கே நல்ல பக்கத்தில் அரிசி அளவு மடிப்பு விழுந்தது. தாண்டினால் மடிப்பு, முன்பே நின்றால் ஓட்டை. திருப்பிப் பார்த்தால் எது நடந்தது என்று தெரிந்துவிடும். அந்த முனையில் மட்டும் ஒரு அங்குலம் பிரித்து, மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் புள்ளிவரை கொண்டுபோனேன். மடிப்பு போய்விட்டது.

போட்டுப் பார்த்தேன். மேல் அலமாரியை எட்டும்போது கீழ்விளிம்பு முன்புபோல் ஏறவில்லை. கையைத் தொங்கவிட்டால் துண்டு நடுவில் மடிந்து உள்ளே ஒதுங்குகிறது. அக்குளில் துணி சற்றுத் திரள்வது தெரிகிறது. இந்தப் பருத்தித் துணிக்கு அது உறுத்தவில்லை. தடித்த துணியாக இருந்தால் 3 அங்குலத்துக்குக் குறைத்துப் பார்ப்பேன்.

வலது கையின் உள்விளிம்புகளை மடித்துத் தைப்பது மட்டும் பாக்கி.