ஏல அறிவிப்புக்குப் பிறகு நகையைத் திருப்பிய கதை

2025 மார்ச்சில் அக்கா வீட்டுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் அசலையும் வட்டியையும் கட்டி நகையைத் திருப்பாவிட்டால் பொது ஏலத்தில் விடப்படும் என்று அதில் இருந்தது. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஓராண்டுக்கு முன் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் எட்டுப் பவுனை இரண்டு சீட்டுகளாக அடகு வைத்து, 2,70,000 ரூபாய் வாங்கியிருந்தார். மாதத் தவணை கிடையாது. ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்ட வேண்டும். கையில் மாத வருமானம் இல்லாத அக்காவுக்கு அது வசதியாகத்தான் பட்டது.

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆண்டுக்கு 32,400 ரூபாய் ஆகும் என்று அக்கா மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தார். கிளையில் கேட்டபோது வட்டி மட்டும் 72,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. அக்காவுக்குப் பேச்சே வரவில்லை. நான் கணக்கு விவர அறிக்கையை அச்செடுத்துத் தரச் சொன்னேன். முதலில் தயங்கினார்கள், "எழுத்தில் தந்தால்தான் கட்ட முடியும், சார்" என்று நின்றதும் தந்தார்கள்.

விஷயம் சீட்டின் பின்பக்கத்தில் இருந்தது. கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். மாதாமாதம் வட்டி கட்டுபவர்களுக்கு மட்டும் பாதி தள்ளுபடி. அதனால்தான் 12 சதவீதம். கட்டாமல் விட்டால் தள்ளுபடி போய்விடும், அதுவும் முதல் நாளிலிருந்தே. போதாததற்கு, கட்டாத வட்டி ஒவ்வொரு மாதமும் அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறும். மாதம் 2 சதவீதம் இப்படி 12 மாதம் ஏறினால் 1,00,000 ரூபாய் 1,26,824 ரூபாய் ஆகிறது. அக்காவின் 2,70,000 ரூபாய் 3,42,425 ரூபாய் ஆகியிருந்தது. தவணையே கேட்காத ஒரு கடனுக்கு, மாதாமாதம் கட்டுபவருக்கு மட்டும் உரிய வட்டியைச் சொல்லி ஆள் சேர்ப்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

தங்க விலை ஏறியிருப்பதால் நகை பாதுகாப்பாக இருக்கும் என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். அது சரியல்ல. விலை சரிந்தாலும் ஏலம் வரலாம். விலை ஏறியிருக்கும்போதும் தவணைத் தேதி கடந்து, அறிவிப்புக்கும் பதில் இல்லை என்றால் வரலாம். அக்கா அடகு வைத்தபோது ஒரு கிராம் ஆபரணத் தங்கம் சுமார் 6,000 ரூபாய். கடிதம் வந்தபோது சுமார் 8,000. கல், அரக்குக் கழிவு போக நிகர எடை 62 கிராம். அதன் மதிப்பு ஏறத்தாழ 4,96,000 ரூபாய். ஏலத்தில் போனால் இழப்பு முழுவதும் அக்காவுக்குத்தான்.

"வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அம்மா" என்றார் மேலாளர். 72,000 ரூபாயைக் கட்டிவிட்டு, அதே 24 சதவீதத்தில் இன்னோர் ஆண்டைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அடகு நகையை மீட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்ன கடையிலும் விசாரித்தோம். சேதாரம் கழித்து அவர்கள் சொன்ன விலை மிகவும் குறைவு. பொதுத்துறை வங்கி ஒன்றில் நகைக்கடன் வட்டி 9.5 சதவீதம், கிராமுக்கு 5,600 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். 62 கிராமுக்கு 3,47,200 ரூபாய். கட்ட வேண்டியதைவிடச் சற்றே அதிகம், கணக்கு பொருந்தியது. ஆனால் நகை கையில் வந்தால்தான் வங்கி கடன் தரும். பணம் கட்டினால்தான் நகை கையில் வரும்.

இரண்டு சீட்டுகளாக இருந்தது இங்கேதான் காப்பாற்றியது. சிறிய சீட்டில் நிகர எடை 23 கிராம். பாக்கி 1,26,824 ரூபாய். பெரியதில் 39 கிராம். பாக்கி 2,15,601 ரூபாய். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டியதில்லை. முதலில் மாமாவிடமும் என் சேமிப்பிலிருந்தும் கைமாற்றாகத் திரட்டிச் சிறிய சீட்டைத் திருப்பினோம். அந்த நகையை வங்கியில் வைத்ததும் 1,28,800 ரூபாய் அக்காவின் கணக்கில் ஏறியது. அதோடு 87,000 ரூபாய் சேர்த்துப் பெரிய சீட்டைத் திருப்பினோம். அதற்கு வங்கி 2,18,400 ரூபாய் தந்ததும் கைமாற்று முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வெளியில் திரட்ட வேண்டியிருந்தது, அதிகபட்சம் பெரிய சீட்டின் பாக்கி அளவுக்குத்தான். எல்லாம் ஒரே சீட்டில் இருந்திருந்தால் மூன்றரை லட்சத்தை ஒரே மூச்சில் புரட்டியிருக்க வேண்டும்.

நடைமுறையில் இரண்டு இடங்களில் இழுத்தது. நிதி நிறுவனம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க முடியாது என்பதால் பெரிய சீட்டின் பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்ப வேண்டியிருந்தது; அவர்கள் கணக்கில் ஏறியதாகக் காட்டும் வரை நகையை வெளியே எடுக்கவில்லை. அடுத்தது எடை. நகையை வாங்கும்போது ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, சீட்டில் எழுதிய மொத்த எடையோடு ஒப்பிட்ட பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டார். வங்கி மதிப்பீட்டாளர் கழிவை வேறு மாதிரி கணக்கிட்டால் கடன் தொகை குறைந்துவிடும் என்ற பயம் எனக்கு இருந்தது. அதற்காகவே முதலில் சிறிய சீட்டை வைத்துப் பார்த்தோம்.

வங்கியில் இப்போது மாதம் ஏறத்தாழ 2,750 ரூபாய் வட்டியாகிறது. அக்கா அதை மாதாமாதம் கட்டுகிறார். கடன் தீரவில்லை; இடம் மாறியிருக்கிறது, வட்டி பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. முடிந்தபோது ஒரு வளையலையாவது விற்று அசலைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளை நடைமுறைப்படுத்த நிறுவனங்களுக்கு 2026 ஏப்ரல் 1 வரை கெடு தரப்பட்டது. அதன்படி, சொந்தச் செலவுக்கு வாங்கும் இப்படிப்பட்ட மொத்தத் தவணைக் கடனுக்கு 12 மாதமே உச்சவரம்பு. நகை மதிப்பில் எத்தனை சதவீதம் தரலாம் என்பதை, கையில் தரும் தொகையை வைத்து அல்லாமல், முடிவில் வட்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டிய தொகையை வைத்துக் கணக்கிட வேண்டும். ஏறிய வட்டியைக் கட்டாமல் மாற்றி வைக்கவும் முடியாது.

அக்காவின் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எங்கள் வழி கிடைக்கவில்லை. அவருடைய சங்கிலி அதற்கு முன்பே ஏலத்தில் போய்விட்டது. அவரோ கணக்கு அத்தோடு முடிந்ததாக நினைத்திருந்தார். ஏலத் தொகையில் பாக்கியும் செலவும் போக மிஞ்சுவது கடன் வாங்கியவருக்கே சொந்தம். எந்தத் தேதியில், எந்த விலைக்குப் போனது, எவ்வளவு கழித்தீர்கள் என்று கேட்டு அவருக்காக ஒரு கடிதம் எழுதிக் கிளையில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினோம். கொஞ்ச நாளில் மீதித் தொகை அவர் கணக்கில் வந்தது. புதிய நெறிமுறைப்படி, ஏலத் தொகை முழுவதும் வந்த 7 வேலை நாட்களுக்குள் அதைத் தர வேண்டும். எழுதிக் கேட்டும் 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். முத்திரை பெற்ற நகலை அங்கே இணைக்க வேண்டியிருக்கும்.