அம்மாயியின் திருகு

இன்று காலை அம்மாயி காதைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது. ஏழுகல் தோட்டின் திருகு அசையவே இல்லை.

சேலம் வெயிலில் வியர்வை, தேங்காய் எண்ணெய், மஞ்சள், சோப்பு எல்லாம் மரைக்குள் போய்க் காய்ந்து, திருகுக்கும் தண்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையமாகவே இறுகியிருந்தது.

மாமா குறடு எடுத்து வந்தார், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். தங்கம் மிருதுவானது, தண்டு வளைந்தால் மரை கெட்டுவிடும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சைப் பின்பக்கம் மட்டும் பத்து நிமிடம் வைத்தேன். கல்லின் பின்பக்கம் மூடிய கட்டு என்பதால் கல்லுக்கு அடியில் தண்ணீர் போனால் ஒளி மங்கிவிடும், அதனால் முன்பக்கம் நனைக்கவில்லை. மென்மையான பிரஷால் அழுக்கைத் தள்ளி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இன்னும் ஐந்து நிமிடம் விட்டேன்.

ஈரத்தைத் துடைத்து, ரப்பர் கையுறை போட்டு, ஒரு கையால் தோட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினேன். முதல் தடவை முன்பக்கக் கல்லும் சேர்ந்தே சுற்றியது. அப்படியென்றால் மரை கழலவில்லை, காது மடல்தான் முறுகுகிறது. நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய்.

இரண்டாவது முறை லேசாக ஒரு நெகிழ்வு. அவ்வளவுதான், கழன்று வந்துவிட்டது.

மடல் வீங்கியோ சீழ் வைத்தோ இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன், நேராக டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பேன்.

"பத்து வருசமாச்சுடா கழட்டி" என்றது அம்மாயி, வெறும் காதைத் தடவிக்கொண்டே.