பெருக்கலும் வகுத்தலும் ஒரே போர்டில்: ஒன்பதாவது பிட்

எட்டு பிட் எண்களைப் பெருக்கவும் வகுக்கவும் செய்யும் சர்க்யூட் ஒன்று இப்போது என் பிரெட்போர்டில் ஓடுகிறது. கணக்குப் போட மைக்ரோகன்ட்ரோலர் கிடையாது. பதினோரு சிப், கிளாக்குக்கு ஒரு 555, பிட்டுக்கு ஒன்றாக எல்இடி. சிப்பெல்லாம் காட்பாடியில் ரயிலேறிப் போய் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. வேலூர் வெயிலுக்கு மாடியறையில் பகலில் உட்கார முடியாது என்பதால் வேலை எல்லாம் ராத்திரியில்தான். எல்இடி பார்க்க அதுவும் வசதியாகவே இருந்தது.

மூன்று எண்கள் வேண்டும். A என்ற எட்டு பிட் ரிஜிஸ்டர், Q என்ற எட்டு பிட் ரிஜிஸ்டர், அப்புறம் M. M மாறாது என்பதால் அதற்கு ரிஜிஸ்டர் வைக்கவில்லை, டிப் சுவிட்ச்சே போதும். A, Q இரண்டுக்கும் தலைக்கு இரண்டாக நான்கு 74HC194. இந்தச் சிப்பில் இரண்டு மோடு கால்கள் உண்டு. 00 கொடுத்தால் சும்மா இருக்கும், 01 வலப்பக்கம் தள்ளும், 10 இடப்பக்கம் தள்ளும், 11 வெளியிலிருந்து மதிப்பை ஏற்றும். டேட்டாஷீட்டில் Q0 என்று இருக்கும் கால்தான் இடக்கோடி. அதைக் கடைசி பிட் என்று நினைத்து வயர் போட்டால் 'வலப்பக்கம் தள்ளு' எண்ணை இரட்டிப்பாக்கிவிடும், கவனம்.

A-யையும் M-ஐயும் கூட்ட இரண்டு 74HC283. கழிக்க M-ஐப் புரட்டிக் கொடுக்கும் இரண்டு 74HC86. பெருக்கலா வகுத்தலா என்று சொல்லும் செயல் சுவிட்ச் வகுத்தலுக்குப் போய் 1 ஆனால் M புரளும், கூட்டியின் கேரி-இன் காலும் 1 ஆகும். அப்போது வெளியே வரும் கேரி 1 என்றால் கழித்தல் ஒழுங்காக முடிந்தது, 0 என்றால் கடன் வாங்கவேண்டி வந்தது என்று அர்த்தம்.

பெருக்கல் நமக்குத் தெரிந்ததுதான். A சுழி, Q-வில் ஒரு எண், M-ல் இன்னொன்று. Q-வின் கடைசி பிட் 1 என்றால் A-யோடு M-ஐக் கூட்டு, 0 என்றால் விடு. பிறகு A, Q இரண்டையும் ஒரே நீள ரிஜிஸ்டராக நினைத்து வலப்பக்கம் ஒரு பிட் தள்ளு. எட்டு முறை செய்தால் பதினாறு பிட் விடை A-யிலும் Q-விலுமாக நிற்கும். வகுத்தல் இதன் தலைகீழ். முதலில் இடப்பக்கம் தள்ளு, பிறகு A-யிலிருந்து M-ஐக் கழித்துப் பார். கழிந்தால் மிச்சத்தை A-யில் வை, ஈவில் ஒரு 1. கழியாவிட்டால் A பழையபடி இருக்கட்டும், ஈவில் 0.

நான் சொல்ல வந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு பிட்டைப் பற்றி. எட்டு பிட்டையும் எட்டு பிட்டையும் கூட்டினால் ஒன்பது பிட் வரலாம். அந்தக் கேரியை எங்காவது வைத்திருந்து அடுத்த தள்ளலில் A-யின் இடக்கோடிக்குள் விட வேண்டும். அதற்கு E என்று ஒரு பிளிப்பிளாப் வைத்தேன். வகுத்தலில் இடப்பக்கம் தள்ளும்போது A-யிலிருந்து வெளியே விழும் பிட்டையும் இதே E பிடித்துக்கொள்ளும். கழித்து முடித்ததும் மிச்சம் கண்டிப்பாக M-ஐவிடச் சிறியது, அதாவது எட்டு பிட்டுக்குள் அடங்கிவிடும், ஆக E காலியாகிறது. அந்தக் காலி இடத்தில் ஈவு பிட்டை வைத்தேன். அடுத்த தள்ளலில் அது Q-வின் வலக்கோடி வழியாக உள்ளே போகும். E-யிலிருந்து ரிஜிஸ்டர்களுக்கு இரண்டே வயர்: ஒன்று A-யின் இடக்கோடிக்கு, மற்றது Q-வின் வலக்கோடிக்கு.

கட்டுப்பாட்டுக்கு ஐந்து நிலைகள்: ஏற்று, கூட்டு அல்லது கழி, தள்ளு, கடைசித் தள்ளு, நில். நிலைக்கு மூன்று பிட், E-க்கு ஒரு பிட், நான்கும் ஒரே 74HC175-ல் அடங்கிவிட்டன. அடுத்து என்ன செய்வது என்பதைச் சொல்ல ஒரு 28C16 ஈபிராம். அதன் அட்ரஸ் கால்களில் நிலை, செயல் சுவிட்ச், Q-வின் கடைசி பிட், கேரி, E, A-யின் முதல் பிட், எண்ணியின் பிட், தொடர் சுவிட்ச் என மொத்தம் பத்து. வெளியே வரும் எட்டு பிட்டும் வீணாகவில்லை: A-க்கு இரண்டு மோடு, Q-வுக்கு இரண்டு, அடுத்த நிலைக்கு மூன்று, அடுத்த E ஒன்று. கழிக்கும் நிலைக்கு அட்டவணை தயாரித்த வரிகள் இவை:

```
if st == ADDSUB and op == DIV:
    ok     = E | cout
    a_mode = LOAD if ok else HOLD
    e_next = ok
    nxt    = LAST if cnt8 else SHIFT
```

எண்ணுவது ஒரு 74HC161. 'தள்ளு' நிலைக்கு 100 என்று எண் கொடுத்ததால் அதன் முதல் பிட்டையே எண்ணியின் எனேபிளுக்கு நேரே இழுத்துவிட்டேன். எட்டுத் தள்ளல் முடிந்ததும் எண்ணியின் நான்காவது பிட் 1 ஆகும், அதுதான் `cnt8`. பெருக்கலில் கூட்டு நிலைக்கு வந்து `cnt8` பார்த்தால் கூட்டாமல் நின்றுவிடும். வகுத்தலில் அந்தக் கழித்தலையும் முடித்துவிட்டுத்தான் கடைசித் தள்ளலுக்குப் போகும். ஏற்றும் கிளாக்கோடு சேர்த்து இரண்டுமே பதினெட்டு கிளாக்கில் முடிகின்றன. திட்டமிட்டு வரவில்லை, அதுவாக அமைந்தது.

ஒன்று சொல்லவேண்டும். A-யின் கிளியர் காலை ஈபிராமோடு இணைக்காதீர்கள். அட்ரஸ் மாறும் நேரத்தில் ஈபிராமின் வெளிக்கால்கள் கொஞ்சம் தடுமாறும். மோடு கால்களுக்கு அதனால் பாதகமில்லை, கிளாக் விளிம்புக்குள் அடங்கிவிடும். கிளியர் கிளாக்குக்குக் காத்திருக்காது, உடனே அழித்துவிடும். என் போர்டில் அது ரீசெட் பட்டனோடு மட்டும் போகிறது.

ஆற்காட்டிலிருந்து வரும் நண்பர் ஒருவர் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். வகுத்தல் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, திருப்பிக் கூட்டவே இல்ல, இத எப்படி ரெஸ்டோரிங்னு சொல்றது?" என்றார். புத்தக முறையில் கழித்ததை A-யில் எழுதி, நெகட்டிவ் என்று தெரிந்ததும் M-ஐத் திரும்பக் கூட்டி மீட்க வேண்டும். அதற்கு இன்னொரு நிலையும், தோற்ற ஒவ்வொரு பிட்டுக்கும் இன்னொரு கிளாக்கும் ஆகும். 194-ல் கேரியைப் பார்த்த பிறகே எழுதலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம், எழுதாமல் விட்டாலே மீட்டதுதான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மீட்பது கண்ணுக்குத் தெரிந்தால்தான் பையன்களுக்குப் புரியும் என்றார். பாடம் நடத்த அது சரி. எனக்கு ஒரு நிலை மிச்சம்.

E இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, E-யிலிருந்து A-யின் இடக்கோடிக்குப் போகும் வயரைப் பிடுங்கி அந்தக் காலைக் கிரவுண்டில் மாட்டிப் பார்த்தோம். சின்ன எண்களில் ஒன்றும் தெரியாது, 12 × 10 சரியாக 120 காட்டும். 200 × 200 போட்டால்தான் தெரிகிறது. 200 என்பது 11001000. கடைசி மூன்று பிட் சுழி, வெறும் தள்ளல். நான்காவதில் 200 கூடி, தள்ளியதும் A 100 ஆகும். பிறகு 50, 25. ஏழாவதில் 225, தள்ளினால் 112, வெளியே விழும் 1 Q-வுக்குள் போகும். எட்டாவதில் 112 + 200 = 312. எட்டு பிட்டில் 56 மட்டும் நிற்கும், 256 கேரியில் இருக்கிறது. E இருந்தால் தள்ளியதும் A 156 ஆகி விடை 40000. இல்லாவிட்டால் A 28, விடை 7232. வித்தியாசம் சரியாக 32768, அதாவது இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. ஒரே ஒரு பிட் ஒரே ஒரு முறை விழுந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வகுத்தலில் இந்தப் பிட் ஒளிந்துகொள்கிறது. எட்டு பிட்டை எட்டு பிட்டால் வகுக்கும்போது A சுழியில் தொடங்குகிறது. எட்டாவது தள்ளலுக்கு முன் அதில் ஏழு பிட்டுக்கு மேல் சேரவே முடியாது. ஆக வெளியே விழ ஒன்றும் இருக்காது. A-யின் முதல் பிட் ஈபிராமுக்குப் போகாமல் அந்தக் கால் எப்போதும் சுழியாகவே கிடந்தாலும் எல்லா விடையும் சரியாகவே வரும்! பதினாறு பிட்டை வகுக்கும்போதுதான் குட்டு உடையும்.

அதற்காகத்தான் அந்தத் தொடர் சுவிட்ச். அதைப் போட்டால் ரீசெட் A-யை அழிக்காது, ஏற்று நிலையும் Q-வைத் தொடாது. பெருக்கி முடித்து, செயல் சுவிட்சை வகுத்தலுக்குத் தள்ளி, தொடர் போட்டு, ரீசெட். பெருக்கிய அதே M-ஆல் பதினாறு பிட் விடை திரும்ப வகுபடும். Q-வில் முதலில் கொடுத்த எண் திரும்பி வர வேண்டும், A சுழியாக வேண்டும்.

40000-ஐ 200-ஆல் திருப்புவோம். A 156, Q 01000000. முதல் தள்ளலில் 312: E-யில் 1, A-யில் 56. 56-லிருந்து 200 போகாது, கேரி 0. ஆனால் E 1 என்பதால் உண்மையில் போகும், எட்டு பிட் கூட்டியின் விடையும் சரியாக 112. `E | cout` என்று எழுதியதன் காரணம் இதுதான். அடுத்து 225, கழித்தால் 25. பிறகு 50, 100, இரண்டும் கழியாது. 200 வந்ததும் கழிந்து சுழி. ஈவு 11001000, அதே 200. வகுத்தலில் மட்டும் E-ஐ விட்டால் ஈவு 36, மீதி 32. பெருக்கிப் பாருங்கள்: 36 × 200 + 32 = 7232. பெருக்கலில் விழுந்த அதே பிட், இங்கும் அதே இடத்தில் விழுகிறது.

கடைசித் தள்ளலில் Q மட்டும் நகர வேண்டும், A அசையக் கூடாது. A-யும் சேர்ந்து நகர்ந்தால் ஈவு சரியாக இருக்கும், மீதி இரட்டிப்பாகும்: 200-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 4-க்குப் பதில் 8. கடைசித் தள்ளலே நடக்காவிட்டால் மீதி சரி, ஈவு 28-க்குப் பதில் 14. எல்இடியைப் பார்த்தே எந்த மோடு வயர் என்று சொல்லிவிடலாம்.

சுழியால் வகுத்தால் என்ன என்று நண்பர் கேட்டார். சுழியைக் கழித்தால் எப்போதும் கழியும், அதனால் ஈவு முழுக்க 1, அதாவது 255. மீதி கொடுத்த எண்ணேதான். ரிஸ்க்-வி விதியிலும் குறியில்லா வகுத்தலுக்கு இதே விடைதான் எழுதி வைத்திருக்கிறார்கள். தனியாக ஒரு கேட் கூட வேண்டாம்.

இப்போது டிப் சுவிட்சைக் கழற்றி அர்டுயினோ மெகாவை மாட்டி, M சுழி தவிர்த்து 65,280 ஜோடிகளையும் பெருக்கித் திருப்பி வகுக்க வைத்திருக்கிறேன். ஜோடிக்கு 36 கிளாக், மொத்தம் சுமார் 23.5 லட்சம். மெகாதான் கிளாக்கும் கொடுக்கிறது, ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. முதலில் ஓட்டியபோது அங்கங்கே தப்பு வந்தது, ஆனால் ஓட்டும்போதெல்லாம் வேறு வேறு ஜோடியில். ஒரே ஜோடி திரும்பத் திரும்பத் தப்பினால் அட்டவணையையோ வயரையோ சந்தேகப்படலாம், இடம் மாறி மாறி வந்தால் சப்ளைதான். ஒவ்வொரு சிப்பின் சப்ளை காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோபாரட் கெபாசிட்டர் வைத்து, எல்இடி ரெசிஸ்டர்களை 330 ஓமிலிருந்து 2.2 கிலோ ஓமுக்கு மாற்றினேன். தப்பு நின்றது. எல்இடி கொஞ்சம் மங்கல்தான், ராத்திரியில் போதும்.

அடுத்து செய்ய வேண்டியது, தொடர் சுவிட்ச் போட்ட நிலையில் A ஏற்கனவே M-க்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் ஓட மறுப்பது. அப்போது ஈவு எட்டு பிட்டில் அடங்காது. 'ஏற்று' நிலையிலேயே கூட்டியின் கேரி அதைச் சொல்லிவிடுகிறது, அந்தக் கால் ஈபிராமுக்கு ஏற்கனவே போகிறது. அட்டவணையில் சில வரிகளை மாற்றி எழுத வேண்டும், அவ்வளவுதான்.