மாற்றுத்திறனாளி என்று எழுதினேன், இரண்டு பயணம் வீணானது

ஆரையம்பதியிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனுக்குப் போய்வர எனக்கு ஓட்டோவுக்கு 1,600 ரூபா. சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் கட்ட வேண்டும் என்பதால் தெரிந்த ஒரு அண்ணன்தான் வருவார். ஆறு மாதக் கணினிப் பயிற்சி ஒன்றில் சேர அப்படி நாலு தடவை போனேன். இரண்டு தடவை வீண். இரண்டுக்கும் காரணம் விண்ணப்பத்தில் நான் எழுதிய ஒரே ஒரு சொல்.

வதிவிடச் சான்று, பிறப்புச் சான்று எல்லாம் லேசாகக் கிடைத்தன. விண்ணப்பத்தின் கடைசியில் "விசேட தேவைகள் இருப்பின் குறிப்பிடுக" என்று ஒரு சின்னக் கட்டம். அதில் "சக்கர நாற்காலி பயன்படுத்துகிறேன்" என்று எழுதப் போனபோது கவுண்டரில் இருந்த பிள்ளை தடுத்தார். "அக்கா, அப்படிப் போடாதீங்க, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு. மாற்றுத்திறனாளி என்று எழுதுங்க. அதுதான் இப்ப மரியாதை." நல்ல மனதோடுதான் சொன்னார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. நானும் சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு கிழமையில் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போய்ப் பார்த்தால் அறை மேல்மாடியில். லிப்ட் இல்லை. இரண்டு தம்பிமார் ஓடி வந்து "தூக்கிக்கொண்டு போவம் அக்கா" என்று நாற்காலியில் கை வைத்தார்கள். ஒருவர் பிடித்தது கைப்பிடியை. என்னுடைய நாற்காலியில் அது கழற்றிப் பூட்டும் கைப்பிடி. அதைப் பிடித்துத் தூக்கினால் அது தனியாகக் கழன்று வந்துவிடும், நான் படியில் கிடப்பேன். வேண்டாம் என்று சொன்னேன். அவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. நாற்காலி வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சட்டகத்தைத் தவிர வேறு எதையும் பிடித்துத் தூக்க விடாதீர்கள். முடியாது என்று சொல்ல வெட்கப்படவும் வேண்டாம்.

பொறுப்பாக இருந்த சேர் கீழே இறங்கி வந்தார். அவர் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. "மாற்றுத்திறனாளி என்று இருந்தது தங்கச்சி. கண் தெரியாதவராக்கும் என்று நினைத்து, வினாத்தாளை வாசித்துக் காட்ட ஒரு ஆளைக்கூட ஒழுங்கு செய்து வைத்திருக்கிறம்." வாசிக்க ஒரு ஆள் மேலே காத்திருக்கிறார், நான் கீழே படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தச் சொல்லில் எங்களில் பலருக்கு இருக்கும் முதல் மனக்குறை இதுதான். அது எதையும் சொல்வதில்லை. எனக்கு "மாற்றுத் திறன்" எதுவும் கிடையாது. எல்லோருக்கும் இருக்கும் திறன்தான் எனக்கும். கால் வேலை செய்யாது, அவ்வளவுதான். அதைச் சொன்னால் எனக்கு நோகாது, படிதான் நோகடிக்கிறது. சொல்லை இனிப்பாக்கும்போது படி பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. "விசேட தேவை" என்பதும் அப்படியே. மலசலகூடத்துக்குப் போவதும் வகுப்பறைக்குள் நுழைவதும் விசேடமான தேவைகளா? எல்லோருக்கும் உள்ள தேவைகள்தானே.

இயலாமையுள்ள நபர்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா.வின் 2006 ஆம் ஆண்டு உடன்படிக்கை இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. உடலில் உள்ள பாதிப்பும் சூழலில் உள்ள தடைகளும் சேரும் இடத்தில்தான் இயலாமை உண்டாகிறது என்பது அதன் விளக்கம். இலங்கை 2016 இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆங்கிலத்தில் அந்த உடன்படிக்கை நேரடியான சொல்லைத்தான் பயன்படுத்துகிறது, "டிஸபிலிட்டி உள்ள நபர்கள்" என்று. பிரித்தானியாவில் பலர் "டிஸேபிள்ட் பீப்பிள்" என்பதையே விரும்புகிறார்கள்: எங்கள் உடல் அல்ல, சமூகம்தான் எங்களை முடக்குகிறது என்ற பொருளில். இந்த இரண்டு சொல்லையும் விரும்புபவர்களில் பலர் ஒத்துப்போகும் ஒரு விஷயம், மாற்றுத்திறனாளி என்பதற்கு இணையான "டிஃபரன்ட்லி ஏபிள்ட்" வேண்டாம் என்பது.

தமிழில் விஷயம் கொஞ்சம் சிக்கல். "ஊனமுற்றோர்" என்ற சொல்லைக் கேலியாகவும் வசையாகவும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு "மாற்றுத்திறனாளி" பெரிய ஆறுதலாக வந்தது. தமிழ்நாட்டில் அரசே அதை எடுத்துக்கொண்ட பிறகு இங்கேயும் பரவியது. என் தோழி ஒருத்தி இன்றும் அதைத்தான் விரும்புகிறாள், அவளை நான் அப்படியே அழைப்பேன். எனக்குப் பிடித்தது நம் ஆவணங்கள் சிலவற்றில் வரும் "வலுவிழப்புள்ள நபர்". வலு எங்கே இழக்கப்படுகிறது என்று கேட்டால் அந்தப் படியைக் காட்டலாம். ஆனால் படிவம் என்று வந்தால் எந்தப் பொதுச்சொல்லும் போதாது.

அதை மூன்றாவது பயணத்தில்தான் முழுதாகப் படித்தேன். தேர்வைக் கீழே வைக்கிறோம் என்று கூப்பிட்டிருந்தார்கள். கோப்பைப் பார்த்த உத்தியோகத்தர், மருத்துவச் சான்றில் முள்ளந்தண்டுப் பாதிப்பு என்று இருக்கிறது, விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்று இருக்கிறது, இரண்டும் ஒன்றா என்று தனக்குத் தெரியாது, திருத்தி எடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அங்கேயே திருத்தித் தருகிறேன் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. இன்னொரு 1,600 போனது.

அன்றிரவே கடிதம் எழுதினேன். "நான் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். காரணம் இணைத்துள்ள மருத்துவச் சான்றில் உள்ள முள்ளந்தண்டுப் பாதிப்பு. எனக்குப் படி ஏற முடியாது. தரைத்தள வகுப்பறை, வாசலில் சாய்தளம், 70 சென்டிமீட்டர் அகல நாற்காலி நுழையக்கூடிய மலசலகூடக் கதவு ஆகியவை வேண்டும்." மூன்றே மூன்று விஷயம்: என்ன பயன்படுத்துகிறேன், எது தடை, என்ன வேண்டும். காது கேளாத என் நண்பருக்கும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். "செவிப்புலன் குறைபாடு" என்று எழுதினால் மைக்கின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள் என்றார் அவர். அதனால் "காது கேளாதவர், சைகை மொழி பேசுபவர், மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று போட்டோம்.

நாலாவது தடவை போனபோது வாசலில் பலகை போட்டிருந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு படி, ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர், மொத்தம் 30. பலகையின் நீளம் 120 தான். பொதுவாகச் சொல்லும் கணக்கு 1க்கு 12, அதாவது 30 சென்டிமீட்டர் ஏற 360 சென்டிமீட்டர் ஓட்டம் வேண்டும். 120 இல் ஏறினால் முன்சில்லு தூக்கி நாற்காலி பின்னுக்குச் சரியும். சேரிடம் ஒரு தாளில் முக்கோணம் கீறிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இதை முதலே எழுதியிருந்தால் மேசனிடம் கொடுத்திருப்பேனே" என்றார். அன்றைக்குப் பின்கதவால் உள்ளே போனேன், அங்கே படி இல்லை. அந்தக் கதவை இரண்டு தடவையும் யாருக்கும் நினைவு வரவில்லை.

தேர்வில் எடுபட்டேன். வகுப்பு தொடங்கி மூன்றாம் கிழமை சீமெந்துச் சாய்தளம் கட்டி முடிந்தது. அளந்தேன், 365.

வரவுப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இன்னும் "மா.தி." என்று சிவப்பு மையில் இருக்கிறது. திங்கட்கிழமை அதை மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுக்கிறேன். விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்தையும் "இங்கே வந்து படிக்க உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?" என்று மாற்றும்படி அதிலேயே கேட்டிருக்கிறேன்.